எர்த் அறுந்தாலும் அளவீடு சரியாகவே காட்டும்

பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் தலைமைக் கட்டுப்பாட்டாளர் அவர்களுக்கு,

எரிவாயு சூழும் இடங்களில் டிரான்ஸ்மிட்டர்களையும் அவற்றின் வயர்களையும் கவனித்து ஓய்வு பெற்றவன் நான். அத்தகைய இடங்களுக்கான கருவிகளுக்கு ஒப்புதல் தருவது உங்கள் அமைப்பு. டிரான்ஸ்மிட்டருக்கு ஒரு சான்று, கண்ட்ரோல் ரூமில் உள்ள ஐ.எஸ். பேரியருக்கு ஒரு சான்று. நான் வேலை பார்த்த ஆலைகளில் இரண்டையும் கோப்பில் காட்டியதும் தணிக்கை முடிந்துவிடும். நடுவே ஓடும் கேபிளையும் பேரியரின் எர்த்தையும் கேட்பார் கிடையாது. இந்த மடல் அவற்றுக்காகத்தான்.

ஹைட்ரஜன் கலந்த காற்றைப் பற்றவைக்க 0.02 மில்லிஜூல் அளவுக்குச் சக்தி போதும். களத்தில் வயர் அறுந்தாலும் உரசினாலும் அவ்வளவு சக்தி சேராமல் தடுப்பதுதான் பேரியரின் வேலை. பரவலாகப் புழங்கும் 28 வோல்ட், 300 ஓம் ஜீனர் பேரியரையே எடுத்துக்கொள்வோம். கண்ட்ரோல் ரூம் பக்கத்தில் 230 வோல்ட் தவறி வந்து தொட்டால், உள்ளிருக்கும் ஜீனர் டையோடுகள் அதை எர்த்துக்குத் திருப்பும், ஃப்யூஸ் போகும். அதற்குள் களத்தை நோக்கிப் போகும் மின்னோட்டம் 93 மில்லிஆம்பியரைத் தாண்டாமல் ரெசிஸ்டர் பிடித்துக்கொள்ளும்.

எர்த் இல்லாவிட்டால் டையோடு திருப்பிவிட இடமே இல்லை. 230 வோல்ட் அப்படியே களத்துக்குப் போகும். டிரான்ஸ்மிட்டர்களுக்குப் பொதுவாகப் போடும் இரட்டைச் சேனல் பேரியரில் அன்றாட மின்னோட்டம் எர்த் வழியே போவதில்லை. ஆகவே எர்த் அறுந்தாலும் 4 முதல் 20 மில்லிஆம்பியர் வரை அளவீடு பிசகாமல் வந்துகொண்டிருக்கும். ஆபரேட்டர் திரையில் எந்த அலாரமும் வராது. வருடக்கணக்கில் இப்படி ஓடும் பேனல்கள் உண்டு.

அறுந்த எர்த்தைப் போலவே ஆபத்தானது, அக்கறையோடு போட்ட தவறான எர்த். இன்ஸ்ட்ருமென்டுக்குச் சுத்தமான எர்த் வேண்டும் என்று தனியாகக் குழி தோண்டி, உப்பும் கரியும் போட்டு, பேரியர்களின் பஸ்பாரை அதோடு மட்டும் இணைப்பது நம் ஊர் வழக்கம். பிழை மின்னோட்டம் திரும்பிப் போக வேண்டிய இடம் டிரான்ஸ்பார்மரின் நியூட்ரல். நடுவில் இருப்பது மண். அந்த மண்வழியில் 2 ஓம் இருந்து, ஃப்யூஸ் போகும் அந்தக் கணத்தில் 10 ஆம்பியர் ஓடினால், 20 வோல்ட் எழும்பும். 28 என்று கணக்கிட்ட இடத்தில் 48 வோல்ட் நிற்கும். அதனால்தான் பேரியர் பஸ்பாரிலிருந்து நியூட்ரலின் எர்த் முனை வரை நேராகச் செம்புக் கம்பி, 1 ஓமுக்குள் இருக்க வேண்டும் என்பது நடைமுறை. இரண்டு தனிக் கம்பிகளாகப் போட்டால் ஒன்றைக் கழற்றி இரண்டையும் சேர்த்து அளந்துவிடலாம். ஆலையை நிறுத்த வேண்டியதில்லை. குழியை மட்டும் அளந்து எழுதிய ரிப்போர்ட் இதற்குப் பதிலாகாது.

அடுத்தது கேபிள். நீளமான கேபிள் தன்னுள் சக்தியைச் சேர்த்து வைக்கும். மேற்சொன்ன பேரியருக்கு, ஹைட்ரஜன் சூழலில், வெளியே அனுமதிக்கப்பட்ட மின்தேக்குத்திறன் 83 நானோஃபாரட். ஹைட்ரஜன் யூனிட் ஒன்றில் டிரான்ஸ்மிட்டர் 400 மீட்டர் தள்ளி இருக்கிறது, அதன் உள்ளளவு 5 நானோஃபாரட் என்று வைப்போம். கேபிளின் விவரம் கையில் இல்லாதபோது மீட்டருக்கு 200 பிகோஃபாரட் என்று கொள்வது வழக்கம். 400 மீட்டருக்கு 80, டிரான்ஸ்மிட்டரோடு 85. வரம்பைத் தாண்டிவிட்டது, இரண்டு சான்றும் செல்லும் என்றாலும்! அதே கேபிளைத் தயாரிப்பாளர் 120 என்று எழுதித் தந்திருந்தால் மொத்தம் 53தான், தாராளமாகப் போடலாம். எத்திலீன் சூழலில் வரம்பே பல மடங்கு பெரிது. ஆக, கேபிளின் ஒரு பக்கத் தகவல் தாள்தான் இங்கே முடிவு சொல்கிறது. பர்ச்சேஸ் பிரிவில் அதைக் கேட்டு வாங்கிய ஆலைகள் குறைவு.

இந்தக் கணக்கை எழுதும் தாளுக்குப் புதுச் சட்டம் வேண்டாம். ஐ.எஸ். சுற்று முழுவதையும் விவரிக்கும் ஆவணத்தை ஐ.இ.சி. 60079-25 தரநிலை ஏற்கெனவே கேட்கிறது. வயரிங்குக்கு 60079-14, ஆய்வுக்கு 60079-17 உள்ளன.

ஆகவே என் முதன்மைக் கோரிக்கைகள் இரண்டு. உரிமம் தரும்போதும் புதுப்பிக்கும்போதும் ஒவ்வொரு சுற்றுக்கும் அந்த ஆவணத்தைக் கேளுங்கள்: பேரியர், கேபிளின் வகை, நீளம், டிரான்ஸ்மிட்டர், கூட்டல் கணக்கு, கையொப்பம். அடுத்து, ஆய்வாளர் பேனலைத் திறந்து ஒரு எர்த் கம்பியைத் தம் கண்முன் கழற்றி அளக்கச் சொல்லட்டும். திறந்த கையோடு பேரியர் வரிசையையும் பார்க்கட்டும். ஃப்யூஸ் போன பேரியரைப் பிரித்துச் சரிசெய்ய முடியாது, முழுதாக மாற்ற வேண்டும். ஸ்பேர் இல்லாத இரவுகளில் அதைத் தாண்டி நேராக வயர் போட்டு ஓட்டுவது நடக்கிறது. அந்த ஜம்பர் பெரும்பாலும் அங்கேயே தங்கிவிடும்.

புதிய ஆலைகளில் பாதுகாப்புக்கு எர்த்தை நம்பாத ஐசொலேட்டர்களை முதல் தேர்வாக வையுங்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன். விலை கூடுதல்தான். ஆனால் இன்று ஓடிக்கொண்டிருக்கும் ஜீனர் பேனல்களுக்கு அந்த எர்த் அளவீடு ஒன்றே காவல். அதை அடுத்த புதுப்பித்தலிலிருந்தே கட்டாயமாக்குங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற இன்ஸ்ட்ருமென்ட் பொறியாளர்