மௌத்தான பிள்ளையின் வகுப்பில் முதலில் யார் சொல்வது?



நான்கு வருடங்களுக்கு முன் எங்கள் பாடசாலையில் தரம் 7 படித்த ஒரு பிள்ளை சனிக்கிழமை பின்நேரம் ஆற்றில் மூழ்கி மௌத்தானார். மரண விசாரணை முடிந்து ஞாயிறு அஸருக்குப் பிறகு நல்லடக்கம். திங்கள் காலை மணி அடிக்கும்போது பெரியவர்களாகிய எங்களுக்கு எல்லாம் முடிந்திருந்தது. அவரோடு படித்த பிள்ளைகளுக்கு அப்போதுதான் தொடங்கியது. பாதிப் பேர் வட்ஸ்அப்பில் வந்த படத்தைப் பார்த்து அறிந்திருந்தார்கள். சிலர் கேட்டடியில் கேள்விப்பட்டார்கள்.

அன்று நாங்கள் என்ன செய்தோம்? காலைக் கூட்டத்தில் எல்லோரையும் நிறுத்தி துஆ ஓதினோம். கூடவே, "உம்மா வாப்பாவிடம் சொல்லாமல் ஆற்றுக்குப் போனால் இதுதான் நடக்கும்" என்று அறிவுரையும் சொன்னோம். கெட்ட எண்ணத்தில் இல்லை. ஆனால் "வாடா குளிக்கப் போவோம்" என்று அவரைக் கூப்பிட்ட பிள்ளையும் அந்த வரிசையில்தான் நின்றது. அடுத்த நாளிலிருந்து இரண்டு கிழமை அந்தப் பிள்ளை வரவில்லை. காலையானால் வயிற்றுவலி என்று வீட்டில் சொன்னார்கள்.

மௌத்தை அறிவுரையாக்குவதை முதல் கிழமையிலாவது நாங்கள் நிறுத்த வேண்டும். ஆற்றில் மணல் அள்ளிய குழிகளைப் பற்றிப் பேசத்தான் வேண்டும். அதைப் பிறகு பேசலாம், பெற்றோரிடமும் சேர்த்துப் பேசலாம்.

செய்தியைச் சொல்லும் இடம் காலைக் கூட்டம் அல்ல, வகுப்பறை. மணி அடிக்க முன் ஆசிரியர்கள் கால் மணித்தியாலம் கூடி, என்ன சொல்லலாம் என்று குடும்பத்திடம் கேட்டு, எல்லா வகுப்பிலும் ஒரே மாதிரி வாசிக்க நான்கு வரி எழுதிக்கொள்ள வேண்டும். அந்தப் பிள்ளையின் வகுப்புக்கு வகுப்பாசிரியர் தனியாகப் போகக் கூடாது. இன்னொருவரும் கூடப் போக வேண்டும். குரல் உடைந்தால் மற்றவர் தொடரலாம். தம்பி தங்கை அதே பாடசாலையில் படித்தால், அவர்கள் திரும்பி வர முன் அவர்களுடைய வகுப்புக்கும் சொல்லியிருக்க வேண்டும்.

"மௌத்தாகிவிட்டார்" என்றே சொல்லுங்கள். "தூங்குகிறார்" என்றால் சின்னப் பிள்ளை இரவில் தூங்கப் பயப்படும். "அல்லாஹ்வுக்கு விருப்பமான பிள்ளை, எடுத்துக்கொண்டான்" என்றால், "என்னையும் விரும்பினால்?" என்று ஒரு பிள்ளை உள்ளுக்குள் கேட்கும். கத்ரை நம்புவது எங்கள் ஈமான், அதில் பேச்சில்லை. ஆனால் அதை முதல் வசனமாகச் சொன்னால் பிள்ளை வாயை மூடிக்கொள்கிறது. முதலில் கேட்கவிடுங்கள்.

"அவருக்கு நொந்திருக்குமா?" என்று கேட்பார்கள். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லலாம். வாய்விட்டுக் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது: "என்னாலயா?" அதற்கு நாங்களாகவே பதில் சொல்ல வேண்டும். "அவரோடு சண்டை பிடித்ததால் மௌத்தாகவில்லை, பேசாமல் இருந்ததால் மௌத்தாகவில்லை. தண்ணீருக்குள் குழி இருந்தது, யாருக்கும் தெரியவில்லை." கூடப் போன பிள்ளையோடு தனியாக இருங்கள். என்ன நடந்தது என்று விசாரிக்காதீர்கள். பொலிஸும் ஊரும் ஏற்கனவே விசாரித்திருக்கும்.

ஆம்பிளைப் பிள்ளை அழக் கூடாது என்று சொல்ல எங்களுக்கு ஆதாரம் இல்லை. மகன் இப்ராஹீம் மரணித்தபோது நபி (ஸல்) அவர்களே கண்ணீர் விட்டார்கள். பெண் பிள்ளைகளை நாங்கள் இன்னும் மறந்துவிடுகிறோம். பையன்கள் ஜனாஸாவுக்கும் மையவாடிக்கும் போய்வந்தார்கள். ஒரே வகுப்பில் இருந்த பெண் பிள்ளைகளுக்கு விடைகொடுக்க எதுவுமே இருக்கவில்லை. பிறகுதான் ஒரு ஆசிரியை அவர்களைக் கூட்டிக்கொண்டு அந்த உம்மாவைப் பார்க்கப் போனார். அவரைப் பற்றி ஞாபகமுள்ளதை ஆளுக்கொரு தாளில் எழுதிக் கொண்டுபோனார்கள். உம்மா அதை இன்னும் வைத்திருக்கிறார்.

கதிரையில் பெரிய பிழை விட்டோம். பார்த்தால் அழுவார்கள் என்று திங்களே அதை எடுத்துவிட்டோம். இடைவேளை முடிந்து வந்த பிள்ளைகள், "எங்கே கொண்டு போனீங்க சேர்?" என்று கேட்டார்கள். சில நாள் அப்படியே விட்டு, பிறகு என்ன செய்யலாம் என்று அவர்களிடமே கேட்டிருக்கலாம். இடாப்பையும் யாரும் யோசிக்கவில்லை. புதன்கிழமை பதிலுக்கு வந்த ஆசிரியர் அந்தப் பெயரையும் கூப்பிட்டுவிட்டார்.

பிள்ளைகள் அழுவார்கள், ஐந்து நிமிடத்தில் விளையாடப் போவார்கள். அது கல்நெஞ்சு இல்லை, பிள்ளைகளின் துக்கம் அப்படித்தான். ஒரு மாதம் கடந்தும் தூக்கமில்லை, சாப்பாடில்லை, பாடசாலைக்கு வர மறுக்கிறது என்றால் வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். "நானும் அவரிடம் போகணும்" என்று ஒரு பிள்ளை சொன்னால் மாதக் கணக்குப் பார்க்க வேண்டாம். அன்றே போங்கள், பிள்ளையைத் தனியே விடாதீர்கள். 1926 என்ற உளநல இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுக்கலாம்.

பெற்றோரிடம் ஒன்று கேட்கிறோம். ஆற்றங்கரையில் எடுத்த மையித்தின் படம் இன்னும் யாருடைய ஃபோனிலாவது இருந்தால், தயவுசெய்து இன்றே அழித்துவிடுங்கள். அவருடைய தங்கைக்கு இந்த வருடம்தான் ஃபோன் கிடைத்திருக்கிறது.