பழையதை நீக்கச் சொல்கிறவனை நம்பாதீர்!

2023-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் மும்பைப் போலீசின் சைபர் பிரிவு பொதுமக்களுக்கு ஓர் எச்சரிக்கை விடுத்தது. வாட்ஸ்அப் இனி இளஞ்சிவப்பு நிறத்தில் வரப்போகிறது, கீழே உள்ள லிங்க்கை அழுத்திப் புதுப்பித்துக்கொள்ளுங்கள் என்று பலருக்கும் வந்துகொண்டிருந்த செய்தி பொய்யானது என்பதே அந்த எச்சரிக்கை. அது புதிய சரக்கும் அல்ல. இதே 'இளஞ்சிவப்பு வாட்ஸ்அப்' 2021 ஏப்ரலிலேயே நாட்டில் ஒரு சுற்றுச் சுற்றி வந்ததுதான். நிறம் மாறும், பெயர் மாறும். 'அப்டேட்' என்ற சொல் மட்டும் மாறுவதில்லை.

தெரியாதவர்கள் அனுப்பும் லிங்க்கைத் தொடாதீர்கள் என்று எல்லோரும் உபதேசம் செய்கிறார்கள். ஆனால் இந்தச் செய்திகள் தெரியாதவரிடமிருந்து வருவதில்லையே! 2021-இல் வந்த அந்தச் செயலி, அகப்பட்டவருடைய போனில் அமர்ந்துகொண்டு, அவருக்கு வருகிற செய்திகளுக்கெல்லாம் தானே பதில் அனுப்பி, அந்தப் பதிலில் தன் லிங்க்கையும் சேர்த்து விட்டது. ஆகவே நமக்கு அது மச்சான் நம்பரிலிருந்து வருகிறது. ஊர்ச் சங்கத்துக் குழுவிலிருந்து வருகிறது. மேஸ்திரி பெயரில் வருகிறது. அனுப்பியவரைப் பார்த்து நல்லது கெட்டதை முடிவு செய்ய இங்கே வழியில்லை. வந்த பொருளைப் பார்த்துத்தான் முடிவு செய்யவேண்டும். அதற்கு, ஒரு புதுப்பிப்பு அசல்தான் என்பதைப் போன் எப்படித் தெரிந்துகொள்கிறது என்பதை நாம் அறிந்திருக்க வேண்டும். ஆண்ட்ராய்டு போன்களைப் பற்றியே இங்கு பேசுகிறோம்.

வங்கியில் கணக்குத் தொடங்கும்போது மாதிரிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறோம் அல்லவா? பிறகு எந்தச் செக் வந்தாலும் குமாஸ்தா அந்த அட்டையை எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கிறார். போனிலும் ஏறக்குறைய இதே ஏற்பாடுதான். செயலி என்பது ஏபிகே என்ற கோப்பாக வருகிறது. அதைத் தயாரித்தவர் தம்மிடம் மட்டுமே உள்ள ஒரு ரகசியச் சாவியைக் கொண்டு அதில் கையொப்பம் இடுகிறார். இது மையால் போடுவது அல்ல; கோப்பில் உள்ளவை அனைத்தையும் வைத்துக் கணக்கிட்டுப் பெறுவது. கோப்பில் ஓர் எழுத்தை மாற்றினாலும் கையொப்பம் பொருந்தாமல் போய்விடும். முதல் முறை செயலியை நிறுவும்போது, அது யாருடைய கையொப்பம் என்பதைப் போன் மாதிரிக் கையெழுத்தைப் போலப் பதிந்து வைத்துக்கொள்கிறது. பின்னால் அதே செயலிக்குப் புதிய பதிப்பு வந்தால், அது பிளே ஸ்டோரிலிருந்து வந்தாலும் சரி, செய்தியில் வந்தாலும் சரி, அதே கை போட்ட கையொப்பமா என்று ஒப்பிட்டுப் பார்க்கிறது. பொருந்தாவிட்டால் ஏற்க மறுக்கிறது. கம்பெனியின் சாவி திருட்டுப் போகாதவரை இந்தக் காவலை ஏய்ப்பது மிகவும் கடினம்.

இவ்வளவு நல்ல காவல் இருந்தும் மக்கள் ஏமாறுகிறார்களே, ஏன்? திருடன் காவலை உடைப்பதில்லை, சுற்றிக்கொண்டு போகிறான். அதற்கு அவனிடம் இரண்டு வழிகள் இருக்கின்றன.

முதல் வழி, வேறு கணக்கு எண்ணில் வருவது. திரையில் நாம் காணும் பெயரும் படமும் போனுக்கு ஒரு பொருட்டல்ல. ஒவ்வொரு செயலிக்கும் உள்ளே வேறொரு பெயர் உண்டு. அதைக் கணக்கு எண் என்று வைத்துக்கொள்ளலாம். அசல் வாட்ஸ்அப்பின் உள்பெயர் com.whatsapp என்பது. போலியைச் செய்தவன் உள்ளே வேறு பெயரை எழுதி, வெளியே வாட்ஸ்அப் என்ற பெயரையும் படத்தையும் ஒட்டி அனுப்புகிறான். போன் தன் ஏட்டைப் புரட்டிப் பார்க்கிறது. அப்படி ஒரு கணக்கே இல்லை. ஆகவே ஒப்பிட மாதிரிக் கையெழுத்தும் இல்லை. புதுக் கணக்கு என்று எண்ணி, திருடனுடைய கையொப்பத்தையே மாதிரியாகப் பதிந்துகொள்கிறது. அந்தக் கையொப்பமும் முறையானதுதான், ஆனால் அது திருடனுடையது. கையொப்பமிடும் சாவியை யார் வேண்டுமானாலும் வீட்டிலிருந்தே தயார் செய்துகொள்ளலாம். கையொப்பம் 'அதே ஆள்' என்பதற்குத்தான் சாட்சி; 'நல்ல ஆள்' என்பதற்கு அல்ல.

இதைக் கண்டுபிடிக்கப் போனே ஒரு குறிப்புக் கொடுக்கிறது. பலரும் அதைப் படிக்காமலே அழுத்திவிடுகிறார்கள். ஏற்கனவே உள்ள செயலிக்குப் புதிய பதிப்பு என்றால், நிறுவும் முன் போன் "Do you want to update this app?" என்று கேட்கும், பொத்தானில் Update என்று இருக்கும். புதிய செயலி என்றால் "Do you want to install this app?" என்று கேட்கும், பொத்தானில் Install என்று இருக்கும். போனுக்குப் போன் வாசகம் சற்று மாறலாம். இந்த இரண்டு சொற்களின் வேறுபாடுதான் முக்கியம். உங்கள் போனில் வாட்ஸ்அப் ஏற்கனவே இருக்கிறது. அதற்குப் புதுப்பிப்பு என்று சொல்லி ஒரு கோப்பு வந்திருக்கிறது. போனோ Install என்று கேட்கிறது. அப்படியானால் அது புதுப்பிப்பு அல்ல, அந்நியன். அந்த இடத்திலேயே நிறுத்திக்கொண்டு, கோப்பை அழித்துவிட வேண்டும்.

இரண்டாவது வழி இன்னும் தந்திரமானது. இதில் திருடன் அசலின் உள்பெயரையே எடுத்துக்கொள்கிறான். உள்ளே தன் சரக்கைச் சேர்த்திருப்பதால் அசல் கையொப்பம் செல்லாது. தன் கையொப்பத்தைப் போட்டு அனுப்புகிறான். இப்போது போன் Update என்றே கேட்கும். அழுத்தினால் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, "App not installed as package conflicts with an existing package" என்று மறுத்துவிடும். காவல் வேலை செய்துவிட்டது! ஆனால் திருடன் இதை முன்பே எதிர்பார்த்து, செய்தியிலேயே ஒரு வரி சேர்த்திருப்பான்: 'நிறுவ முடியாவிட்டால் பழைய பதிப்பை நீக்கிவிட்டு மறுபடி முயலவும்.' அந்த வரிதான் கத்தி. பழையதை நீக்கியதும் மாதிரிக் கையெழுத்து அட்டை கிழிந்துபோகிறது. அடுத்து எவன் வந்தாலும் அவன்தான் முதல் ஆள். ஒரு நிமிடம் முன்பு வாசலில் தடுக்கப்பட்டவன், மாலை மரியாதையோடு உள்ளே வருகிறான்.

உள்ளே வந்தவன் முதலில் கேட்பது குறுஞ்செய்திகளைப் படிக்கவும், அறிவிப்புகளைப் பார்க்கவும் அனுமதி. வங்கி அனுப்பும் ஓடிபி வருவது அங்கேதானே! மாதம் முழுவதும் உழைத்து, வீட்டு வாடகை போக, மிச்சத்தை ஊரிலுள்ள குடும்பத்துக்கு அனுப்பும் ஒருவருக்கு அந்தப் போன்தான் பணப்பெட்டி, அதுவே சாவியும் கூட. இரண்டும் ஒரே இடத்தில் இருப்பதால்தான் இந்தக் கோப்புகள் இவ்வளவு ஆபத்தானவை.

இங்கே நாம் வேறொரு தரப்பினரையும் குறை கூறாமல் இருப்பதற்கில்லை. பிளே ஸ்டோருக்கு வெளியே செயலி நிறுவுவதே குற்றம் என்று நாம் சொல்லவில்லை. நேர்மையான காரணங்களுக்காக அப்படித் தரப்படும் செயலிகளும் உண்டு. ஆனால் வருகைப் பதிவுக்கு என்றும், சம்பளச் சீட்டுக்கு என்றும் ஏபிகே கோப்பை வாட்ஸ்அப் குழுவில் போட்டு, 'இன்றே எல்லோரும் போட்டுக்கொள்ளவும்' என்று உத்தரவிடும் கான்டிராக்டர்களும் அலுவலகங்களும் இருக்கின்றனர். போடாவிட்டால் ஆப்சென்ட் விழும் என்கிறபோது தொழிலாளி என்ன செய்வார்? போதாக்குறைக்கு, செயலி செய்து கொடுத்தவர் சாவியைத் தொலைத்துவிட்டோ, ஆள் மாறியோ, புதிய சாவியால் கையொப்பமிட்டு அனுப்புகிறார். போன் மறுக்கிறது. உடனே மேற்பார்வையாளர், 'பழையதை எடுத்துவிட்டுப் போடு' என்கிறார். திருடன் சொல்லும் அதே வாசகம்! அலுவலகமே இப்படிப் பழக்கிவிட்ட பிறகு, நாளைக்கு அதே சொற்களோடு திருடன் வந்தால் அந்தத் தொழிலாளி எப்படிச் சந்தேகப்படுவார்? ஏமாந்தவரைப் படிப்பறிவில்லாதவர் என்று ஏசுவது சுலபம். அவரை அப்படிப் பழக்கியவர்களுக்கும் இதில் பங்கு உண்டு.

ஊழியர்களுக்குச் செயலி தேவையென்றால் அதைப் பிளே ஸ்டோரில் வைப்பதே முறை. அது இயலாதென்றால் அலுவலகத்தில் ஒருவர் நேரில் நிறுவித் தரவேண்டும். சாவியைப் பத்திரமாக வைத்துக்கொள்வது செயலி தருகிறவரின் கடமை. எந்தக் காரணத்துக்காகவும் பழையதை நீக்கிவிட்டு வேறு போடும்படி செய்தியில் சொல்வதில்லை என்று நிர்வாகங்கள் முடிவு செய்யவேண்டும். தொழிற்சங்கங்களும் இதைக் கேட்டு வாங்கவேண்டும்.

வாசகர்கள் செய்ய வேண்டியதும் அதிகமில்லை. எந்தச் செயலிக்கும் புதுப்பிப்பு உண்டா என்பதைப் பிளே ஸ்டோரில் போய்ப் பாருங்கள், செய்தியில் பார்க்காதீர்கள். செய்தியில் வரும் கோப்பு நிறுவப்பட வேண்டுமானால், வாட்ஸ்அப்புக்கோ குரோமுக்கோ நீங்கள் ஒரு தனி அனுமதி கொடுத்திருக்க வேண்டும். ஒருமுறை கொடுத்தால் அது நீங்கள் திரும்பப் பெறும்வரை திறந்தே கிடக்கலாம். Settings-இல் Apps, அதில் Special app access, அதில் Install unknown apps என்ற இடத்துக்குப் போய், எல்லாவற்றையும் மூடிவிடுங்கள். கையொப்பம் ஒப்பிட முடியாத முதல் முறைச் செயலிகளுக்கு இந்தக் கதவுதான் காவல். ஆர்டிஓ அபராதச் சீட்டு என்ற பெயரில் வாகனம் ஓட்டும் நண்பர்களுக்கு வரும் ஏபிகே கோப்புகள் இந்த ரகம்தான். அபராதம் உண்டா என்பதை echallan.parivahan.gov.in என்ற அரசுத் தளத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். அதற்குக் கோப்பு எதுவும் வேண்டியதில்லை.

ஏற்கனவே அழுத்திவிட்டவர்கள் வெட்கப்பட்டுக்கொண்டு நேரத்தைக் கடத்தக் கூடாது. முதலில் அந்தப் போனை ஏரோபிளேன் மோடில் போட்டு வெளித்தொடர்பைத் துண்டியுங்கள். வேறொரு போனிலிருந்து வங்கியைக் கூப்பிட்டுக் கணக்கை நிறுத்தச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் 1930 என்ற எண்ணுக்கு உடனே புகார் செய்யுங்கள். பணம் கைமாறிக் கைமாறிப் போய்விடுவதற்குள் சொன்னால்தான் அதைத் தடுத்து நிறுத்த வாய்ப்பு உண்டு. செயலியை நீக்குவது அதற்குப் பிறகு.

போன் ஒரு கோப்பை மறுக்கிறது என்றால் அது பழுது அல்ல. நம் பக்கம் நின்று சொல்லும் சாட்சி. அந்தச் சாட்சியை நம் கையாலேயே அழிக்கச் சொல்கிறவன் யாராக இருந்தாலும், அவன் பேச்சைக் கேட்காமல் இருப்பதே நமக்கு நல்லது.