பேட்டரியின் முதுகில் 26 இலக்கம்

போன வாரம் என் பவர்பேங்க் பற்றி ஒரு குறுஞ்செய்தி வந்தது. "குறிப்பிட்ட சில தொகுதிகளைச் சேர்ந்த ஒரு சில சாதனங்களில் சூடேறும் வாய்ப்பு கண்டறியப்பட்டுள்ளது. மேலும் விவரங்களுக்கு அருகிலுள்ள சேவை மையத்தை அணுகவும்." அவ்வளவுதான். எந்தத் தொகுதி, எண்ணை எங்கே பார்ப்பது, அதுவரை பயன்படுத்தலாமா கூடாதா, பணம் வருமா வராதா என்று ஒரு வார்த்தை கிடையாது. கம்பெனி பெயர் வேண்டாம், விடுங்கள். இப்போதைக்கு அந்தப் பவர்பேங்க் பால்கனித் தரையில் தனியாகக் கிடக்கிறது.

இதைப் பார்த்ததும் 2007 ஆகஸ்ட் ஞாபகம் வந்துவிட்டது. நோக்கியா BL-5C பேட்டரி விவகாரம். அப்போது நான் புனேவில் மூன்று பேரோடு ஒரே வீட்டில் இருந்தேன். நான்கு பேரிடமும் நோக்கியாதான்.

ஆகஸ்ட் 14 அன்று நோக்கியா அறிவிப்பு வெளியிட்டது. ஜப்பானின் மட்சுஷிடா நிறுவனம் 2005 டிசம்பர் முதல் 2006 நவம்பர் வரை தயாரித்துக் கொடுத்த BL-5C பேட்டரிகள் சில, சார்ஜ் ஏறும்போது உள்ளே ஷார்ட் சர்க்யூட் ஆகிச் சூடேறலாம் என்றார்கள். எண்ணிக்கை 4 கோடியே 60 லட்சம். உலகம் முழுக்க அதுவரை நடந்த சம்பவங்கள் சுமார் 100. பெரிய காயம் யாருக்கும் இல்லை.

அந்த அறிவிப்பு மோசமானதில்லை என்று இன்றைக்கும் சொல்வேன். முதல் படி: பேட்டரியைக் கழற்றி முன்பக்கம் பார். BL-5C என்று இல்லையா, உனக்குப் பிரச்சினை இல்லை, மூடிவிட்டுப் போ. இருந்தால் இரண்டாவது படி: பின்பக்கம் திருப்பு, 26 இலக்க அடையாள எண் இருக்கும். மூன்றாவது: அதை இணையதளத்தில் கொடு. உன் பேட்டரி பட்டியலில் இருந்தால் புதியது இலவசம். பணமாகத் திருப்பித் தரவில்லை, மாற்றுதான். ஆனால் அதற்கு ஆதாரம் அந்த எண்தான். எப்போதோ வாங்கிய போனுக்கு யாரிடம் பில் இருக்கும்? பொருளின் மேலே அச்சடித்த எண்ணே பில் என்று ஒப்புக்கொள்வதுதான் நியாயம்.

இந்த வரிசையில் எனக்குப் பிடித்தது, ஒவ்வொரு படியும் கொஞ்சம் பேரை நிம்மதியாக வீட்டுக்கு அனுப்புகிறது. BL-5C-யைப் பல கம்பெனிகள் செய்துகொடுத்தன, மொத்தம் 30 கோடிக்கு மேல். பாதிப்பு என்று சொன்னது அதில் ஆறேழில் ஒன்று. மாட்டிக்கொண்டவனுக்குச் சொல்வது அறிவிப்பின் பாதி வேலை. மாட்டாதவனுக்கு "நீ இல்லை" என்று சொல்வது மீதி.

ஆனால் நம்மூரில் நடந்தது வேறு. மறுநாள் சுதந்திர தின விடுமுறை. எல்லோரும் டிவி முன்னால். அங்கே தேதி, மட்சுஷிடா, சார்ஜ் ஏறும்போது மட்டும் என்கிற மூன்றும் உதிர்ந்துபோய் "நோக்கியா வெடிக்கும்" மட்டும் மிஞ்சியது. காலையிலேயே கோவில்பட்டியிலிருந்து அப்பா போன்.

"ஏப்பா, இந்த போனு வெடிக்குமாம்ல? நான் சட்டைப் பையிலல்லா வச்சிருக்கேன்!"

"சார்ஜ் போடும்போது மட்டும்தான்பா பயம். பின்னாடி கழட்டி ஒரு நம்பர் இருக்கும், படிங்க."

சொல்லி முடித்ததும்தான் உறைத்தது. பேட்டரியைக் கழற்றினால் போன் செத்துவிடும், அவர் எதில் படிப்பார்? எஸ்.எம்.எஸ். அனுப்புவதானாலும் இதே கதை. "முதலில் எண்ணைக் காகிதத்தில் எழுதிக்கொள், பிறகு பேட்டரியைத் திரும்ப மாட்டு" என்ற ஒரு வரிதான் தேவை. கணினி முன்னால் உட்கார்ந்து எழுதுகிறவருக்கு அது தோன்றாது. வீட்டில் இருக்கும் ஒரே கருவி அந்த போன்தான் என்கிறவருக்கு அதுதான் முதல் படி.

அப்பா கண்ணாடியைத் தேடி, காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி, பக்கத்து வீட்டு லேண்ட்லைனிலிருந்து கூப்பிட்டார். எண்ணிப் பார்த்தால் 26 வரவில்லை. ஆறா எட்டா என்று மறுபடி பார்க்கச் சொன்னேன். மறுபடியும் வரவில்லை. மூன்றாவது முறை கேட்டபோது கோபம் வந்துவிட்டது. "இருக்கதத்தானய்யா படிக்க முடியும்!"

அப்புறம் மெதுவாக விசாரித்தால், போனோடு வந்த பேட்டரி உப்பிப் போய், முந்தின வருஷம் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடையில் மாற்றியிருக்கிறார். "ஒரிஜினல்னுதான் சொன்னான்." ஒரிஜினல் இல்லை. அதாவது பட்டியலிலும் இல்லை, இலவச மாற்றும் இல்லை. ஆனால் அவர் பையில் இருந்தது பட்டியலில் உள்ளதைவிட மோசம். ஒழுங்கான பேட்டரிக்குள் அளவுக்கு மீறி மின்சாரம் ஓடினால் துண்டிக்கிற ஒரு சின்னச் சுற்று இருக்கும். போலி செய்கிறவன் காசு மிச்சம் பிடிக்கிற இடங்களில் அதுவும் ஒன்று. ஆக ஆம், இல்லை என்று இரண்டு பதில் போதாது. "எண் பொருந்தவில்லை என்றால் பேட்டரி எங்களுடையது அல்ல, பயன்படுத்தாதே" என்ற மூன்றாவது பதிலும் வேண்டும். இல்லாவிட்டால் "பட்டியலில் இல்லை" என்பதைப் "பத்திரம்" என்று ஜனங்கள் படித்துவிடுவார்கள். அப்பாவும் அப்படித்தான் படிக்க இருந்தார்.

"எண்ணே வேண்டாம், எல்லாவற்றையும் திரும்பப் பெறு" என்று சிலர் சொல்வார்கள். காரணம் தெரியாதபோது அதுதான் சரி. 2016-ல் சாம்சங் நோட் 7-க்கு செப்டம்பரில் முதல் அறிவிப்பு வந்தது. ஒரு சப்ளையரின் பேட்டரிதான் கோளாறு என்று நினைத்து, இன்னொருவர் பேட்டரி போட்ட போனை மாற்றிக் கொடுத்தார்கள். அதுவும் எரிந்தது. அக்டோபரில் தயாரிப்பையே நிறுத்தினார்கள். 2017 ஜனவரியில்தான், இரண்டு சப்ளையர்களின் பேட்டரியிலும் இரண்டு வெவ்வேறு கோளாறு என்று விளக்கினார்கள். தொகுதி எண் என்பது ஒரு கோடு. கோளாறு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரிந்தவன்தான் அதைப் போடலாம்.

சட்டம் இப்போது கொஞ்சம் முன்னேறியிருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 20-வது பிரிவின்படி, ஆபத்தான பொருளைத் திரும்பப் பெறவும் வாங்கியவருக்கு விலையைத் திருப்பித் தரவும் மத்திய ஆணையம் உத்தரவிடலாம். ஆனால் அறிவிப்பின் வாசகத்தைச் சட்டம் எழுதித் தராது. அதை எழுதுகிறவர் என் அப்பாவை மனதில் வைத்து எழுதினால் போதும். பவர்பேங்க் கம்பெனிக்கு நான் போட்ட மடலில் இப்படி எழுதிக் கொடுத்தேன்:

இப்போதே சார்ஜ் போடுவதை நிறுத்துங்கள். பின்பக்கம் அடியில் உள்ள எண்ணைத் தாளில் எழுதுங்கள். இந்த எண் முதல் இந்த எண் வரை என்றால் பாதிப்பு உண்டு. வேறு எண் என்றால் இல்லை, தொடர்ந்து பயன்படுத்தலாம். எண்ணே இல்லை என்றால் அது எங்கள் பொருள் அல்ல, பயன்படுத்தாதீர்கள். பாதிப்பு இருந்தால் பில் தேவையில்லை. மாற்றா பணமா என்பது உங்கள் விருப்பம். இத்தனை நாளில் வரும். பழையதைக் குப்பையில் போடாதீர்கள், கூரியரிலும் அனுப்பாதீர்கள், நாங்களே வந்து எடுத்துக்கொள்கிறோம்.

ஒன்பதே வரி. பதில் வந்தது: "தங்கள் பொறுமைக்கு நன்றி. அருகிலுள்ள சேவை மையத்தை அணுகவும்."

பவர்பேங்க் இன்னும் பால்கனியில்தான் கிடக்கிறது.