பாதி என்பது எந்தக் கணக்கு?

சென்ற மாதம் ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பின், மத்ரஸாப் பிள்ளைகள் கலைந்துகொண்டிருந்த நேரத்தில், மஹல்லாவைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் நம்மிடம் வந்தார். வளைகுடாவில் இருபது ஆண்டுகள் உழைத்த பணத்தில் கட்டிய மாடி வீடு அவருடையது. கீழ்த்தளத்தில் அவர் குடியிருக்கிறார். மேல்தளத்தை ஐந்து ஆண்டுகளாக ஒரு குடும்பத்துக்கு மாதம் 8,000 ரூபாய் வாடகைக்கு விட்டிருக்கிறார். கைப்பேசியில் எழுதிவைத்து, இன்னும் அனுப்பாமலிருந்த ஒரு செய்தியை நம்மிடம் காட்டினார்.

“அஸ்ஸலாமு அலைக்கும். நீங்கள் சமையலறைக் குழாயை நாசம் செய்ததால் எனக்கு 22,500 ரூபாய் செலவாகிவிட்டது. பாதி 11,250 ரூபாயை இந்த மாத வாடகையோடு தரவும். இல்லையென்றால் அட்வான்ஸில் கழித்துக்கொள்வேன்.”

“பாதிதானே கேட்கிறேன், ஹஜ்ரத். மார்க்கப்படி இதில் தவறு உண்டா?” என்றார்.

கேட்பதில் தவறில்லை, ‘பாதி’ என்பதில்தான் தவறு இருக்கிறது என்று சொன்னோம். அதற்கான காரணத்தை இங்கே சற்று விரிவாக எழுதுகிறோம். வீட்டை வாடகைக்கு விட்டவர்களும் வாடகைக்கு இருப்பவர்களும் நம் குடும்பங்களில் சரிபாதியாக இருக்கிறோம். இந்தச் செய்தியை ஏதோ ஒரு நாள் நாம் அனுப்புவோம், அல்லது நமக்கு வரும்.

முதலில் நடந்ததைச் சொல்லவேண்டும். மேல்வீட்டுச் சகோதரரின் கடை நொடித்துப்போன பிறகு, அவருடைய மனைவி வீட்டிலிருந்தே பிரியாணி ஆர்டர் எடுத்துச் சமைத்துக் கொடுக்கத் தொடங்கினார். வாரத்தில் இரண்டு நாள் பெரிய சட்டி அடுப்பில் ஏறும். அரிசி வடித்த கொதிநீரும், தாளித்து மிஞ்சிய எண்ணெயும் அந்தச் சிங்கிலேயே ஊற்றப்பட்டன. பாத்திரம் கழுவும்போது தண்ணீர் விரைவாக இறங்கவேண்டும் என்பதற்காகச் சிங்கின் சல்லடை மூடியையும் கழற்றிவைத்துவிட்டார்கள். சில மாதங்களில் குழாய் அடைத்தது. பிறகு கீழ்வீட்டுக் கூடத்தின் மேற்புறத்தில் ஈரம் கசிந்து, பூச்சு பெயர்ந்து விழுந்தது.

இப்போது ஃபிக்ஹு என்ன சொல்கிறது என்று பார்ப்போம். வாடகைக்கு எடுத்தவரின் கையில் அந்தப் பொருள் அமானத்தாகவே இருக்கிறது. முறையாகப் பயன்படுத்தும்போது அது தேய்ந்தாலோ பழுதானாலோ அவர் ஈடு தரவேண்டியதில்லை. வரம்பு மீறினாலோ கவனக்குறைவாக இருந்தாலோதான் பொறுப்பு அவர்மேல் வரும். அந்த வரம்பு எது? இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் ‘மின்ஹாஜ்’ நூலின் வாடகைப் பாடத்தில் இதற்கு எளிய உதாரணங்கள் தருகிறார்கள். வாடகைக்கு எடுத்த பிராணியை வழக்கத்துக்கு மேல் அடித்தவர் பொறுப்பாளி. குடியிருக்க எடுத்த வீட்டில் கொல்லரையோ, துணியை அடித்து வெளுப்பவரையோ குடிவைத்தவரும் பொறுப்பாளி. சுத்தியல் அடியைத் தாங்குவதற்காக அந்த வீடு வாடகைக்கு விடப்படவில்லை. ஆகவே ‘வழக்கம்’ என்பதே அளவுகோல். ஒரு குடும்பத்தின் அன்றாடச் சமையல் வழக்கத்துக்குள் அடங்கும். வாரம் இருமுறை சட்டி சட்டியாய்க் கொதிநீரையும் எண்ணெயையும் ஊற்றுவது அதற்குள் அடங்காது.

பராமரிப்பைப் பங்கிடுவதிலும் அதே நூல் நுட்பமாக வழிகாட்டுகிறது. வீட்டைச் செப்பனிடுவது உரிமையாளரின் கடமை. பனி பெய்யும் நாட்டில், கூரைமேல் சேர்ந்த பனியை அகற்றுவது உரிமையாளர்மேல். முற்றத்துக் குப்பையைக் கூட்டுவது குடியிருப்பவர்மேல். தமிழ்நாட்டில் 2019 முதல் நடைமுறையில் இருக்கும் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டமும் ஏறக்குறைய இதே கோட்டில்தான் பிரிக்கிறது. கட்டுமானப் பழுதும் வெள்ளையடித்தலும் உரிமையாளர் பக்கம். ஆனால் குடியிருப்பவர் உண்டாக்கிய சேதம் அதில் சேராது. வடிகால் அடைப்பை நீக்குவது போன்றவை குடியிருப்பவர் பக்கம்.

ஆக, பெரியவருக்கு ஈடு கேட்கும் உரிமை உண்டு. ஆனால் எவ்வளவு? இதற்கும் அந்தப் பாடத்திலேயே ஒரு சட்டம் இருக்கிறது. நூறு எடை சுமக்கவைக்கிறேன் என்று பிராணியை வாடகைக்கு எடுத்தவர், நூற்றுப் பத்து ஏற்றினார். அதனால் பிராணி இறந்துவிட்டது. உரிமையாளர் உடன் இல்லாதிருந்தால் முழு ஈடும் ஏற்றியவர்மேல். உரிமையாளரும் உடன் இருந்திருந்தால், கூடுதலாக ஏற்றிய பத்துக்குரிய பங்கு மட்டுமே அவர்மேல். அதாவது பதினொன்றில் ஒன்று. பாதி தரவேண்டும் என்றும் ஒரு கருத்து உண்டு. ஆனால் இமாம் அவர்கள் முதலிடம் கொடுத்தது பங்குக் கணக்குக்குத்தான். இரண்டு காரணங்கள் சேர்ந்து ஒரு சேதம் நிகழ்ந்தால், ஒவ்வொரு காரணத்தையும் அளந்து பார்க்கவேண்டும் என்பது இதில் நாம் பெறும் பாடம். ‘பாதி’ என்பது அளக்காமல் சொல்லும் சொல்.

எனவே பெரியவரிடம், “பில்லை எடுத்துவாருங்கள், வேலை செய்த பிளம்பரையும் கொத்தனாரையும் அழைத்துவாருங்கள்” என்றோம். 22,500 ரூபாய் நான்கு இனங்களாகப் பிரிந்தது. குழாய் வேலைக்கு 6,500. சிங்கை ஒட்டிய டைல்ஸை உடைத்துப் பதித்ததற்கு 4,000. கீழ்வீட்டு மேற்பூச்சுக்கு 5,000. கூடம் முழுவதும் பெயிண்ட் அடித்ததற்கு 7,000.

குழாயைப் பற்றிப் பிளம்பர் சொன்னது தெளிவாக இருந்தது. சிங்குக்குக் கீழே உள்ள வளைவிலும், அதை அடுத்த நான்கடிக் குழாயிலும் எண்ணெய் மெழுகுபோல் உறைந்து, எலும்புத் துண்டுகளைப் பிடித்துவைத்திருந்தது. அந்த நான்கடியும் நடுவில் தொய்ந்து, இணைப்பு விட்டிருந்தது. சாதாரண பி.வி.சி. குழாய் 60 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டைத் தொடர்ந்து தாங்காது; இளகித் தொய்யும். வயதால் மட்டும் பழுதான குழாய் இப்படித் தொய்வதில்லை. விறைத்து விரிசல் விடும். எனவே இது பயன்பாட்டால் வந்த சேதமே. ஆனால் பெரியவர், வேலையோடு வேலையாக, தரைவரை இறங்கும் பழைய குழாய் முழுவதையும் மாற்றியிருந்தார். அடைப்பை நீக்கி அந்த நான்கடியை மட்டும் மாற்றினால் கூலியோடு 2,800 ரூபாய்தான் ஆகும். அந்தப் பகுதியை எட்டவே டைல்ஸ் உடைக்கப்பட்டதால், அந்த 4,000 ரூபாயும் மேல்வீட்டார் கணக்கில்தான் சேரும்.

மேற்பூச்சு இரண்டு இடங்களில் பெயர்ந்திருந்தது. சிங்குக்கு நேர்கீழே இருந்தது சிறிய இடம். அங்கே கம்பி சுத்தமாக இருந்தது. குளியலறைக்குக் கீழே இருந்தது பெரிய இடம். அங்கே கம்பி துருவேறிப் பருத்து, பூச்சைத் தள்ளிவிட்டிருந்தது. சில மாத ஈரத்தில் கம்பி அவ்வளவு பருக்காது என்றார் கொத்தனார். அந்த ஈரத்தைப் பற்றி மேல்வீட்டார் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே சொன்னதையும், “பார்க்கலாம்” என்று தாம் தள்ளிப்போட்டதையும் பெரியவரே ஒப்புக்கொண்டார். சிங்குக்குக் கீழுள்ள இடத்துக்கு மட்டும் 1,000 ரூபாய் என்று கொத்தனார் மதிப்பிட்டார். பெயிண்ட் அடித்து ஏழு ஆண்டுகள் ஆகியிருந்ததால் அந்தச் செலவைக் கேட்க நியாயமில்லை.

மொத்தம் 7,800 ரூபாய். பாதியாகக் கேட்டிருந்தால் 3,450 ரூபாய் கூடுதலாக வாங்கியிருப்பார். துருவேறிய அந்தப் பகுதியும் பெயிண்டும் பில்லில் இல்லாதிருந்தால், மேல்வீட்டார் பங்கு பாதியைத் தாண்டியிருக்கும். அப்போது பாதி கேட்பது பெரியவருக்கே நட்டம். பாதி என்பது சமரசமாகத் தோன்றினாலும், யாரோ ஒருவருடைய ஹக்கு அதில் குறைகிறது.

மேல்வீட்டுச் சகோதரர் ஒரு நியாயமான கேள்வி கேட்டார்: “நாங்கள் ஆர்டருக்குச் சமைப்பது அவருக்குத் தெரியுமே! வெள்ளிக்கிழமைதோறும் வாங்கிச் சாப்பிட்டாரே!” உண்மைதான். தெரிந்தும் தடுக்காமல் இருந்தது சம்மதமாகக் கொள்ளப்படலாம்; அதனால் ஆர்டர் சமையலையே குற்றமாகக் கொள்ள இயலாது. ஆனால் எண்ணெயைச் சிங்கில் ஊற்றவும், சல்லடையைக் கழற்றவும் எவரும் சம்மதிக்கவில்லை. அந்தச் சமையலை வெளிக்குழாயடியில் வைத்துக் கழுவியிருந்தால் இந்த வழக்கே இல்லை. அவர் இதை ஏற்றுக்கொண்டார். அவர் மறுத்திருந்தால், நிரூபிக்கும் பொறுப்பு கேட்டவர்மேல்தான் வந்திருக்கும். அதனால்தான், உடைத்த குழாயைத் தூக்கி எறியுமுன் படம் எடுத்துவைப்பதும், வேலை தொடங்குமுன் குடியிருப்பவரை அழைத்துக் காட்டுவதும் அவசியம். பெரியவர் இரண்டையும் செய்யவில்லை. பிளம்பரின் நேர்மையான வாக்கே அவரைக் காத்தது.

அட்வான்ஸில் கழித்துக்கொள்வேன் என்ற வரியையும் நீக்கச் சொன்னோம். அந்தப் பணம் குடியிருப்பவருடையது. வீட்டைக் காலிசெய்யும் நாளில் கணக்குப் பார்த்துத் திருப்பவேண்டியது. வாதியே நீதிபதியாகி, குடியிருக்கும்போதே அதில் கைவைப்பது சரியன்று.

நபி (ஸல்) அவர்களின் வீட்டில் நடந்த ஒரு நிகழ்ச்சி ஸஹீஹுல் புகாரீயில் பதிவாகியிருக்கிறது. துணைவியருள் ஒருவர் அனுப்பிய உணவுத் தட்டை, வேறொரு துணைவியார் தட்டிவிட, அது உடைந்தது. நபியவர்கள் துண்டுகளைச் சேர்த்து, சிதறிய உணவையும் எடுத்துவைத்தார்கள். கொண்டுவந்தவரைக் காத்திருக்கச் செய்து, உடைத்தவர் வீட்டிலிருந்த நல்ல தட்டு ஒன்றைக் கொடுத்தனுப்பினார்கள். உடைந்ததை உடைத்தவரின் வீட்டிலேயே வைத்துக்கொண்டார்கள். ஒரு தட்டுக்கு ஒரு தட்டு. ஈடு முழுமையாகப் போய்ச் சேர்ந்தது, உடைத்தவர் இழிவுபடுத்தப்படவில்லை.

கடைசியில் பெரியவர் அனுப்பிய செய்தி இது:

“அஸ்ஸலாமு அலைக்கும் தம்பி. சமையலறைக் குழாய் வேலை முடிந்தது. மொத்தம் 22,500 ஆனது. பழைய குழாய், குளியலறைக்குக் கீழே உள்ள பூச்சு, பெயிண்ட் எல்லாம் என் செலவு. எண்ணெயும் கொதிநீரும் ஊற்றியதால் வந்தது மட்டும்: குழாய் 2,800, டைல்ஸ் 4,000, பூச்சு 1,000, ஆக 7,800. பில்லும் படமும் அனுப்பியிருக்கிறேன். மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள், உட்கார்ந்து பேசலாம். மூன்று மாத வாடகையோடு 2,600 வீதம் தந்தால் போதும். சிங்குக்குப் புதிய சல்லடை வாங்கி வைத்திருக்கிறேன், வாங்கிக்கொள்ளுங்கள்.”

உடைத்தபின் எடுத்த சுவர்ப் படங்கள்தான் அவரிடம் இருந்தன, அவற்றை இணைத்தார். அன்று மஃரிபுக்குள் பதில் வந்தது. முதல் தவணை இந்த மாதம் வாடகையோடு சேர்ந்துவிட்டது.