ஜன்னல் வெயில் போதாது

"பூச்சியில் கால்சியம் தூள் தூவுகிறோம், தொட்டியை ஜன்னலோரம் வைக்கிறோம்; தாடி ஓணானுக்கு எப்படி எலும்பு நோய் வரும்?" என்று கேட்கிறார்கள். அப்படி வளர்த்தால்தான் வரும். ஜன்னல் கண்ணாடி வெளிச்சத்தை விட்டுவிட்டு, புற ஊதா பி கதிரை ஏறக்குறைய முழுவதும் தடுத்துவிடுகிறது. அந்தக் கதிர் தோலில் பட்டு, உடல் சூடும் சேர்ந்தால்தான் வைட்டமின் டி3 உருவாகும். அது இல்லாவிட்டால் குடல் கால்சியத்தைச் சரிவர உறிஞ்சாது. தூவிய தூளில் பெரும்பகுதி எச்சத்தோடு போய்விடும். ரத்தத்தில் குறையும் கால்சியத்தை ஈடுகட்ட உடல் எலும்பையே கரைக்கும். மருத்துவர் தொடும்போது கீழ்த்தாடை ரப்பர் போல வளைந்தால் நோய் முற்றிவிட்டது என்று பொருள். இதற்கு, தூளை இரட்டிப்பாக்குவதா வைத்தியம்? ஓணான் சூடுகாயும் இடத்துக்கு மேலே, நடுவில் கண்ணாடி இல்லாமல், புற ஊதா பி விளக்கைப் பொருத்துங்கள். விளக்கு எரிந்துகொண்டிருந்தாலும் கதிர் மாதக்கணக்கில் மங்கிவரும்; தயாரிப்பாளர் சொன்ன காலத்தில் மாற்றிவிடுங்கள்.