மீள் பரிசீலனைக்குத் தேடினால் கிடைப்பது

கெலிஓயா பெற்றோரின் கவனத்துக்கு.

சாதாரண தரப் பெறுபேறு வந்த நேரம், ஒரு மாணவனின் உம்மா வாட்ஸ்அப்பில் ஒரு கட்டுரையை அனுப்பி, "சேர், மீள் பரிசீலனைக்கு இப்படித்தான் போடணுமா?" என்று கேட்டார்.

வாசித்துப் பார்த்தேன். தலைப்பிலிருந்த கேள்வியே முதல் பந்தியிலும் ஒவ்வொரு உபதலைப்பிலும் திரும்பத் திரும்ப வந்தது. நாம் கூகுளில் தட்டும் சொற்கள் அவை. தேடலில் மேலே வரத்தான் அத்தனை தடவை. நடுவில் கல்வியின் அவசியம் பற்றி நான்கு பந்தி. முடிவில், "உரிய அதிகாரிகளைத் தொடர்புகொள்ளுங்கள், தாமதிக்காதீர்கள்." இறுதித் திகதி இல்லை, கட்டணம் இல்லை, எங்கே விண்ணப்பிப்பது என்பதும் இல்லை.

ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். "சாதாரண தரம்" என்பதை எடுத்துவிட்டு "சாரதி அனுமதிப்பத்திரம்" என்று போட்டு வாசியுங்கள். வசனம் அப்படியே பொருந்தினால் உள்ளே ஒன்றுமில்லை.

தேடலில் மேலே வருவதற்காக மொத்தமாக உற்பத்தி செய்யும் பக்கங்களை, இயந்திரம் எழுதினாலும் மனிதர் எழுதினாலும், ஸ்பாம் என்று 2024 மார்ச்சில் கூகுள் அறிவித்தது. ஆனாலும் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

இப்படியான பக்கத்தில் திகதி இருந்தாலும் நம்பிவிடாதீர்கள், அது போன வருடத்துத் திகதியாக இருக்கலாம். பரீட்சைத் திணைக்களத்தின் doenets.lk தளத்தில் ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த உம்மாவுக்கும் அதைத்தான் அனுப்பினேன்.

திகதி தப்பினால் நட்டம் பிள்ளைக்கு. விளம்பரக் காசு அவர்களுக்கு.