அவசரத்தின் மீது விதிக்கப்படும் அபராதம்

நாக்பூரில் ஒப்பந்தச் செவிலியராகப் பணிபுரியும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். கிராமத்தில் தாய்க்கு உடல்நலமில்லை. வண்டிக்காரர் ரொக்கம் மட்டுமே வாங்குவார். அவர் கடன் அட்டையை ஏடிஎம் எந்திரத்தில் செருகி 2,000 ரூபாய் எடுக்கிறார். அதே அட்டையில் அதே தொகைக்கு மருந்து வாங்கி, கெடு தேதிக்குள் முழுத்தொகையையும் கட்டியிருந்தால் வட்டி ஏதுமில்லை. ரொக்கத்திற்கோ அந்தச் சலுகை கிடையாது. பணம் கைக்கு வந்த நாளிலிருந்தே வட்டி ஓடத் தொடங்குகிறது.

பல வங்கிகளின் கட்டணப் பட்டியல்படி, எடுக்கும் தொகையில் 2.5 சதவீதம் அல்லது 500 ரூபாய், இவற்றில் எது அதிகமோ அது கட்டணம். ஆகவே கட்டணம் 500 ரூபாய். மாதம் 3.5 சதவீதம் எனில் ஒரு மாத வட்டி 70 ரூபாய். இரண்டின் மீதும் 18 சதவீத ஜிஎஸ்டி. அது ஏறத்தாழ 103 ரூபாய். ஆக, 2,000 ரூபாயை ஒரு மாதம் வைத்திருந்ததற்கு விலை 673 ரூபாய். மூன்றில் ஒரு பங்கு! கந்துவட்டிக்காரனும் கேட்கத் தயங்கும் விகிதம் இது.

20,000 ரூபாய் எடுப்பவருக்கும் கட்டணம் அதே 500 ரூபாய்தான். குறைந்தபட்சக் கட்டணம் என்னும் இந்த விதி, சிறிய தேவையுடையவரையே கடுமையாகத் தாக்குகிறது.

வங்கிகள் சொல்லும் சமாதானம் என்ன? பொருள் வாங்கும்போது கடைக்காரர் தரகுத்தொகை செலுத்துகிறார். ரொக்கத்தில் அந்த வருவாய் இல்லை. மேலும், ரொக்கம் எடுப்பவர் நெருக்கடியில் இருப்பவர், கடன் திரும்பாமல் போகலாம் என்கின்றன. முதல் வாதம் ஒரு சிறு கட்டணத்தை நியாயப்படுத்தலாம். 2,000 ரூபாய்க்கு 500 ரூபாயை அல்ல. இரண்டாவது வாதமோ, நெருக்கடியில் இருப்பவரிடமே அதிகம் பறிப்போம் என்ற ஒப்புதல் வாக்குமூலம்.

தடுப்பார் யார்? ஆண்டுக்கு 30 சதவீதத்திற்கு மேல் கடன் அட்டை வட்டி வசூலிப்பது முறையற்ற வணிகம் என்று 2008இல் தேசிய நுகர்வோர் ஆணையம் தீர்ப்பளித்தது. 2024 டிசம்பரில் உச்சநீதிமன்றம் அதை ரத்து செய்தது. மாதம் 3.5 சதவீதம் என்பது ஆண்டுக்கு 42 சதவீதம். அரசோ தடுப்பதற்குப் பதிலாக, அந்த வட்டியின் மீதும் வரி வசூலித்துப் பங்காளியாகிறது.

ரிசர்வ் வங்கி வட்டிக்கு உச்சவரம்பு விதிக்க வேண்டும். குறைந்தபட்சக் கட்டணத்தை ஒழிக்க வேண்டும். பணம் வெளிவருமுன் மொத்தச் செலவை எந்திரத்தின் திரையில் ரூபாயில் காட்டச் செய்ய வேண்டும். அதுவரை, தவிர்க்கவியலாமல் ரொக்கம் எடுத்தவர்கள் மாதாந்திரப் பட்டியலுக்குக் காத்திராமல் கையில் பணம் வந்த அன்றே செலுத்திவிடுவது நல்லது. வட்டி நாள் கணக்கில் ஏறுவதால் அது குறையும். ஆனால் அந்த 500 ரூபாய் திரும்ப வராது.